போனஸ் வரி: ஆண்டுக்குப் பரப்புவதா, ஒரே விகிதத்தில் பிடிப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட அலுவலகக் கிராணியாக இருக்கும் எனக்கு, போனஸ் மாதம் வந்தாலே வாசலில் ஆள் சேர்ந்துவிடும். "போனஸுக்குத் தனி வரியா, ஐயா?" என்பதுதான் முதல் கேள்வி.

தனி வரி இல்லை. மாதம் 4,500 வெள்ளி வாங்கும் திருமணமாகாத மேற்பார்வையாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 54,000. தனிநபர் விலக்கு 9,000, சேமநிதி விலக்கு 4,000 போக 41,000 வெள்ளிக்கு 960 வெள்ளி வரி; மாதம் 80. இப்போது 9,000 வெள்ளி போனஸ் வருகிறது. அதையும் சேர்த்தால் 50,000, வரி 1,500. கூடுதல் 540 வெள்ளிதான், அதாவது போனஸில் 6 விழுக்காடு. இப்படி ஆண்டு வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவதைத்தான் ஆண்டுக்குப் பரப்புவது என்கிறேன். ஆனால் பரப்புவது கணக்கில் மட்டுமே. பிடித்தம் பரவுவதில்லை, அந்த 540-ம் போனஸ் மாதத்திலேயே போய்விடும். கூடவே சேமநிதிக்கு 990 வெள்ளி பிடிப்பதையும் வரி என்று நினைத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

அமெரிக்காவில் முதலாளி விரும்பினால் போனஸில் நேராக 22 விழுக்காட்டை மத்திய அரசு வரிக்காகப் பிடித்துவிடலாம். இதே 9,000-க்கு அந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் 1,980 வெள்ளி. கூடுதலாகப் போன 1,440 வெள்ளியைக் கணக்குத் தாக்கல் செய்த பிறகே திரும்பப் பெற வேண்டும். கிராணிக்கு வேலை மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். நம் 25 விழுக்காட்டு வரம்பில் இருக்கும் மேலாளருக்கோ 22 போதாது. மீதியை அவர் பிறகு கட்ட வேண்டிவரும். நம் நாட்டில் ஒரே விகிதம் பெரும்பாலும் இங்கு வசிப்பவர் என்ற தகுதி பெறாதவருக்குத்தான்: 30 விழுக்காடு, விலக்கும் கிடையாது. புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளியின் 182 நாள் கணக்கை நான் நாள்காட்டியில் குறித்து வைப்பது அதனால்தான்.

பரப்பும் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு ஜனவரியில் இதே சம்பளமும் போனஸும் வாங்கும் ஒருவரின் போனஸைச் சம்பளக் கட்டத்தில் தட்டிவிட்டேன். மாதந்தோறும் 13,500 வாங்குகிறார் என்று கணினி நம்பி, ஆண்டு வருமானத்தை 162,000 ஆக்கி, அந்த மாதமே 1,804 வெள்ளி பிடித்துவிட்டது. ஒரே விகிதத்தில் பிடிப்பதற்கு ஏறக்குறைய சமம்! பிப்ரவரியில் கணினி தானே திருத்திக்கொண்டது. ஆண்டு வரி 1,500-க்கு மேல் பிடித்தாயிற்று என்பதால் அடுத்த 11 மாதமும் பிடித்தம் பூஜ்யம். எஞ்சிய 304 வெள்ளி மறு ஆண்டு தாக்கலுக்குப் பிறகே கைக்கு வந்தது.

என் ஓட்டு பரப்பும் முறைக்கே. சம்பளச் சீட்டில் போனஸ் தனி வரிசையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த மாதப் பிடித்தம் திடீரெனப் பூஜ்யமானால் மகிழ வேண்டாம், கிராணியைத் தேடி வாருங்கள்.