லோ-பாஸ் ஃபில்டர் வரைபடம்: புள்ளி வைத்தா, கோடு போட்டா?

10 கிலோஓம் ரெசிஸ்டர், 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர். வெளியீட்டைக் கெப்பாசிட்டரின் குறுக்கே எடுத்தால் அது முதல்படி லோ-பாஸ் ஃபில்டர்.

```
|H| = 1/√(1 + (f/fc)²)
fc = 1/(2πRC) ≈ 1592 Hz
```

இதன் வீச்சு வரைபடத்தை இரண்டு விதமாக வரையலாம்.

முதலாவது, சாதாரண கிராஃப் தாளில் புள்ளி வைப்பது. கட்-ஆஃப் அலைவெண்ணான fc-இல் 0.707, அதன் இரு மடங்கில் 0.447, பத்து மடங்கில் ஏறத்தாழ 0.1. கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் 16 கிலோஹெர்ட்ஸ் வரை அச்சு போட்டால், முக்கியமான வளைவு முழுக்க இடது ஓரத்தில் நெருங்கிவிடும். கட்-ஆஃப் எங்கே என்று பார்த்துச் சொல்ல முடியாது, 0.707-இல் கிடைக்கோடு இழுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பலர் இங்கே 0.5-ஐ எடுத்துவிடுகிறார்கள். அது 2757 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பாதியாக வேண்டியது மின்னழுத்தம் அல்ல, திறன்.

இரண்டாவது போடே முறை: அலைவெண்ணுக்கு லாக் அச்சு, வீச்சுக்கு டெசிபெல். 0 டெசிபெல்லில் ஒரு கிடைக்கோடு, அப்புறம் 1592 ஹெர்ட்ஸிலிருந்து பத்து மடங்குக்கு 20 டெசிபெல் இறங்கும் சாய்கோடு. இரண்டும் சந்திக்கும் மூலைதான் கட்-ஆஃப். உண்மையான வளைவு மூலைக்கு 3 டெசிபெல் கீழே போகும். fc-இன் பாதியிலும் இரு மடங்கிலும் கோட்டுக்குக் கீழே சுமார் 1 டெசிபெல். இந்த மூன்று இடத்தைத் திருத்தினால் வளைவு ரெடி. கையால் வரைய எனக்கு இதுதான் முதல் தேர்வு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 1/RC என்பது வினாடிக்கு 10,000 ரேடியன். அதை அப்படியே ஹெர்ட்ஸ் அச்சில் குறித்தால் மூலை ஆறு மடங்குக்கு மேல் வலப்பக்கம் தள்ளிப்போகும்.

போடே முறையின் உண்மையான பலம், வெளியீட்டில் இன்னொரு 10 கிலோஓம் சுமையை இணைக்கும்போது தெரிகிறது. தாழ் அலைவெண்ணில் வீச்சு 0.5 ஆகிவிடும். 0.707 கோட்டைத் தேடுபவருக்கு வளைவு அதை எங்கேயும் தொடாது, 0.5-இன் 0.707 பங்கான 0.354-ஐத் தேட வேண்டும். போடே தாளில் கிடைக்கோடு 6 டெசிபெல் இறங்குகிறது, ஆனால் சாய்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உயர் அலைவெண்ணில் கெப்பாசிட்டரின் மறிப்பு சுமையைவிட மிகக் குறைவு என்பதால் சுமை அங்கே கணக்கில் வருவதில்லை. இறங்கிய கிடைக்கோடு அதே சாய்கோட்டை 3183 ஹெர்ட்ஸில் சந்திக்கிறது. இரண்டு 10 கிலோஓமும் இணையாகி 5 கிலோஓம் ஆவதாக வைத்து வாய்பாட்டில் போட்டாலும் அதே 3183 கிடைக்கும்.