அகலத் தொண்டையா, குறுகிய தொண்டையா: ஜெட் பம்பில் இரண்டு தேர்வுகள்

ஜெட் பம்பில் நாசிலிலிருந்து வேகமாகப் பாயும் நீர், சுற்றியுள்ள நீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. நாசில் ஒன்றுதான். அதற்கு நீர் தரும் பம்பும் ஒன்றுதான். நாசிலுக்கு எதிரே இருக்கும் தொண்டையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வேக நீரும் இழுபடும் நீரும் கலந்து ஒன்றாவது இந்த நேர்க்குழாயில்தான். அதற்கப்பால் மெல்ல விரியும் டிஃப்யூசர்.

நாசிலின் வாய் 60 சதுர மி.மீ. அதிலிருந்து நீர் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, அதாவது வினாடிக்கு 1.8 லிட்டர். அகலத் தொண்டையின் பரப்பு 300 சதுர மி.மீ., குறுகியதன் பரப்பு 150. நாசில் பரப்பைத் தொண்டைப் பரப்பால் வகுத்தால் வரும் விகிதம் b: முதலாவதில் 0.2, இரண்டாவதில் 0.4.

தொண்டைக்குள் அழுத்தம் ஏன் ஏறுகிறது? நுழையும்போது நடுவே வேகமான தாரை, சுற்றிலும் மெதுவான நீர். வெளியேறும்போது எல்லாம் ஒரே வேகம். அதே அளவு நீர் சீரான வேகத்தில் போகையில் அதன் மொத்த உந்தப் பாய்வு நுழைந்ததைவிடக் குறைந்துவிடுகிறது. குழாய்ப் பரப்பு மாறாததால் அந்தக் குறைவை அழுத்த உயர்வுதான் ஈடுகட்ட வேண்டும். சுவர் உராய்வை விட்டுவிட்டால் கணக்கு இப்படி முடிகிறது:

Δp = ρ b (1 − b) (Vj − Vs)²

ρ நீரின் அடர்த்தி, Vj தாரையின் வேகம், Vs இழுபடும் நீரின் வேகம். எனக்குப் பிடித்த சமன்பாடு இது, ஜெட் பம்பின் சங்கடம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. இரண்டு வேகங்களும் வேறுபட்டால்தான் அழுத்தம் ஏறும். ஆனால் அதே வேறுபாடுதான் கலக்கும்போது சுழலாகி ஆற்றலை வெப்பமாக்குகிறது.

முதலில் உறிஞ்சு வழியை மூடிவிடுவோம். அதாவது Vs பூஜ்யம். தொண்டையிலுள்ள வேக அழுத்தத்தில் டிஃப்யூசர் 80 சதவீதம் மீட்டுத் தருகிறது, தொண்டை உராய்வு அதே அழுத்தத்தில் 12 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலத் தொண்டை சுமார் 156 கிலோபாஸ்கல் தருகிறது, குறுகியது 265. நீர் ஏறும் உயரத்தில் சொன்னால் 16 மீட்டரும் 27 மீட்டரும். 20 மீட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் அகலத் தொண்டைக்கு இடமே இல்லை.

இனி நீரை இழுக்கவிடுவோம். வினாடிக்கு 0.9 லிட்டர் இழுக்கும்போது குறுகிய தொண்டை 156 கிலோபாஸ்கலும் அகலமானது 131-உம் தருகின்றன. இன்னும் கொஞ்சம் கூட்டி 1.1 லிட்டரைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். இழுபடும் நீருக்கு எதிராக அழுத்தத்தை வரைந்தால் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய 12.5 மீட்டரில் வெட்டிக்கொள்கின்றன. அதற்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் குறுகியது, கீழே போதுமென்றால் அகலமானது. என் தீர்ப்பு இவ்வளவுதான். திறனை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வதில் பயனில்லை. அகலமானது 1.8 லிட்டரிலும் குறுகியது 0.9 லிட்டரிலும் ஓடும்போது இரண்டுக்கும் 32 சதவீதம்தான் வருகிறது. நாசில் இழப்பையும் சேர்த்தால் இன்னும் சற்று இறங்கும்.

ஆனால் குறுகிய தொண்டைக்கு ஒரு மறைமுக எல்லை உண்டு. நாசிலைச் சுற்றி நீர் நுழைய அதில் இருப்பது 90 சதுர மி.மீ. வளையம்தான், அகலத்தில் 240. அந்த வளையத்தில் வேகம் கூடக்கூட அழுத்தம் இறங்கும். குறுகியதில் 1.8 லிட்டர் இழுக்க வினாடிக்கு 20 மீட்டர் வேகம் வேண்டும், அதற்கு 200 கிலோபாஸ்கல் இறக்கம் வேண்டும். வளிமண்டலம் கொடுப்பதே சுமார் 100. ஆகவே நடக்காது. உறிஞ்சும் நீர்மட்டம் பம்பின் மட்டத்திலேயே இருந்தாலும் 1.25 லிட்டரில் நீர் ஆவியாகிக் குமிழிடத் தொடங்கும். நீர்மட்டம் 4 மீட்டர் கீழே இருந்தால் 0.96 லிட்டரிலேயே. உண்மையில் இன்னும் முன்பே தொடங்கும், ஏனெனில் தாரையின் விளிம்பில் சுழலும் நீரின் நடுவே அழுத்தம் சராசரியைவிடக் குறைவு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வெளியேற்று வால்வை மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். அழுத்தம் இறங்க இறங்க இழுபடும் நீர் கூடினால் எல்லாம் சரி. அழுத்தம் இறங்கியும் நீர் அதே அளவில் நின்றுவிட்டால், உள்ளே சரளைக்கல் உருள்வது போன்ற சத்தமும் கேட்டால், எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அப்போது மோட்டாரைப் பெரிதாக்கி நாசில் அழுத்தத்தைக் கூட்டினால் இழுப்பு அதிகமாகாது, ஏனெனில் நீர் நுழையும் வளையம் அதே 90 சதுர மி.மீ.தான். பம்பைக் கீழே இறக்குங்கள், அல்லது அகலத் தொண்டைக்கு மாறுங்கள்.