ஏழு நாள் ஆங்கிலப் பாடமும் கல்லாமேல் இருக்கும் ஒலிப்பெட்டியும்

கடைக்காரர்களுக்கான அந்த ஏழு நாள் வாட்ஸ்அப் ஆங்கிலப் பாடத்துக்குக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். கோத்தகிரியில் வர்க்கிக் கடை வைத்திருக்கும் என் சித்தி மகள், "சேரலாமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. பாராட்ட ஆரம்பித்தால் இடையில் கோபம் வருகிறது, திட்ட ஆரம்பித்தால் அந்த இரண்டாம் நாள் பாடம் நினைவுக்கு வந்து வாயை அடைக்கிறது. போன வருடம் சீசனுக்கு முன்பு அதில் சேர்ந்தேன். படித்ததைக் கடையில் வைத்து இன்றுவரை பிழைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் எழுதியே விடுகிறேன்.

என் கடை குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற சாலையில் இருக்கிறது. தேயிலை, சாக்லேட், தைலம் விற்கிறேன். கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் ஆங்கிலம் தேவைப்படுவதில்லை. அவர்கள் பாதித் தமிழிலும் நான் பாதி மலையாளத்திலும் பேசினால் வியாபாரம் முடிந்துவிடும். பெங்களூரிலிருந்து வரும் இளவட்டங்கள், வடக்கிலிருந்து வருகிற குடும்பங்கள், எப்போதாவது மலை ரயிலில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர்கள், இவர்களிடம்தான் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

பாடம் எப்படி வரும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். காலையில் மூன்று வாக்கியங்கள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். கூடவே ஒரு நிமிடத்துக்குள் முடிகிற குரல் பதிவு. இரவில் ஒரு கேள்வி வரும், நாம் குரலில் பதில் அனுப்ப வேண்டும். வணக்கம் சொல்வது, விலை சொல்வது, எடை, பேரம், பொருள் இல்லை என்று சொல்வது, இப்படி நாளுக்கு ஒன்று.

முதல் நாள் பாடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ, சார்" என்று கேட்டால் எங்கள் ஊரில் வாடிக்கையாளர் மிரண்டு அடுத்த கடைக்குப் போகிறார். சிரித்துக்கொண்டு ஒரு துண்டு சாக்லேட்டை நீட்டினால் உள்ளே வந்துவிடுவார்.

இரண்டாம் நாள்தான் விஷயம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. பதினைந்து, ஐம்பது. இது எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டுதான் பதிவைக் கேட்டேன். அதில் பேசிய அம்மாள் எடுத்த எடுப்பில் சொன்னது இதுதான்: உங்களுக்கு வித்தியாசம் தெரியும், ஆனால் உங்கள் வாயிலிருந்து அது வெளியே வருவதில்லை. "வந்தான்" என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி "ன்" மூக்கோடு கரைந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு ஃபிஃப்டீன் என்று சொன்னால் கேட்கிறவர் காதில் "ஃபிஃப்டீ" என்றுதான் விழும், அவர் அதை ஐம்பது என்று எடுத்துக்கொள்வார். ஐம்பதில் அழுத்தம் முன்னால் விழுந்து பின்பாதி சட்டென்று முடிய வேண்டும். பதினைந்தில் பின்பாதியை நீட்டி, அழுத்தி, நாக்கு நுனி மேலே பற்களுக்குப் பின்னால் போய் ஒட்டுகிறவரை "ன்"னை விடக் கூடாது. பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை எல்லாவற்றுக்கும் இதே கதை.

அதோடு விட்டிருந்தால் பள்ளிக்கூடப் பாடம் என்று தள்ளியிருப்பேன். அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். தெர்டீன், ஃபோர்டீன், ஃபிஃப்டீன் என்று வரிசையாக ஒப்பிக்கும்போது ஆங்கிலம் பேசுகிறவர்களே அழுத்தத்தை முன்பாதிக்கு மாற்றிவிடுவார்களாம். பின்னால் ஒரு சொல் ஒட்டி வந்தாலும், "ஃபிஃப்டீன் ருபீஸ்" என்கிறபோது அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுமாம். அதனால் ஒன்று, இரண்டு என்று பாடம் போட்டுப் பழகுவது இதற்கு உதவாது. விலை சொல்லும்போது "ருபீஸ்" என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்ல வேண்டும், அதன் பின்னாலேயே இலக்கங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "ஒன் ஃபிஃப்டீன். ஒன், ஒன், ஃபைவ்." ஒரு நிமிடப் பதிவில் இவ்வளவையும் அடக்கிய அந்த அம்மாள் யாராக இருந்தாலும் கும்பிட வேண்டும்.

இதன் அருமை கடையில்தான் புரிந்தது. ரொக்கமாகக் கொடுக்கிற காலத்தில் குழப்பம் வெளியே தெரியாது. 115 ரூபாய் என்றாலும் 150 ரூபாய் என்றாலும் வாடிக்கையாளர் ஒரு நூறும் ஒரு ஐம்பதும் எடுத்து நீட்டுவார். மீதி 35 ரூபாயை நாம் கொடுத்தால் ஏதோ தள்ளுபடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார். இப்போது க்யூஆர் அட்டையைப் படம் பிடித்து, காதில் விழுந்த தொகையை அவரே போனில் அடிக்கிறார். கல்லாமேல் இருக்கும் ஒலிப்பெட்டி அதை உரக்கச் சொல்லிவிடுகிறது. என் அண்ணன் மகன் கால் கிலோ தேயிலைப் பொட்டலத்தை "ஒன் ஃபிஃப்டீன் ருபீஸ், மேடம்" என்று சொல்லிக் கொடுத்தான். பெட்டி, "நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண்மணி அதற்குள் படியிறங்கிவிட்டார். கூப்பிட்டு 35 ரூபாயைக் கையில் கொடுத்தபோது, எதற்கு என்று அவருக்குப் புரியவைப்பதற்கு ஆன நேரத்தில் இன்னொரு வியாபாரம் முடித்திருக்கலாம்.

இது தலைகீழாக நடந்தால் நட்டம் நமக்கு. 150 ரூபாய்ப் பொருளுக்குப் பெட்டி நூற்றுப் பதினைந்து என்று சொல்லும்போது கடையில் கூட்டமாக இருந்தால் காதில் விழாது, ராத்திரிக் கணக்கில்தான் இடிக்கும். அன்றிலிருந்து அண்ணன் மகன் இலக்கம் பிரித்துச் சொல்கிறான், கால்குலேட்டரிலும் தொகையை அடித்துக் காட்டுகிறான். நான் பழகியது பெட்டியை வைத்துத்தான். நான் சொன்ன தொகையும் அது சொன்ன தொகையும் ஒன்றாக இருந்தால் என் உச்சரிப்பு தேறிவிட்டது.

பெட்டியை இவ்வளவு புகழக் காரணம் இருக்கிறது. பாடம் நடத்தியவர்கள் என் உச்சரிப்பைத் திருத்தவே இல்லை. ஒவ்வோர் இரவும் குரல் பதிவு அனுப்புவேன், நொடியில் "மிக நன்று! தொடருங்கள்!" என்று வந்துவிடும். மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. நான்காம் நாள் வாயே திறக்காமல், சாலையில் போன பஸ் ஹாரனைப் பதிவுசெய்து அனுப்பினேன். "மிக நன்று! தொடருங்கள்!" பஸ்ஸின் உச்சரிப்பு அவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கிறது. இதற்குப் பணம் வாங்குகிறார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. யாரும் கேட்கப் போவதில்லை என்றால் பதிவு அனுப்பச் சொல்லாமலே இருக்கலாமே!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஏழு நாளும் நாம் என்ன பேச வேண்டும் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். எதிரில் நிற்கிறவர் என்ன பேசுவார் என்பதற்குப் பாடமே கிடையாது. நாம் அழகாக ஒரு வாக்கியம் சொன்னவுடன் நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவர் மளமளவென்று பேசத் தொடங்குகிறார். சாக்லேட் வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இதில் முட்டை சேர்த்திருக்கிறதா, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உருகிவிடுமா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும். கடைசிக் கேள்வியை "ஹவ் லாங் வில் இட் லாஸ்ட்?" என்று கேட்பார்கள். நம் கடைவீதியில் "லாஸ்ட்" என்றால் பேரத்தில் கடைசி விலை. பக்கத்துக் கடைக்காரர் அந்தக் கேள்விக்கு உடனே இருபது ரூபாய் குறைத்துச் சொன்னதை என் காதால் கேட்டேன். வாங்க வந்தவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் இன்னும் பத்து ரூபாய் குறைத்தார்.

வாடிக்கையாளர் வாயிலிருந்து வருகிற பத்துக் கேள்விகளை வெவ்வேறு ஊர்க்காரர்கள் கேட்கிற மாதிரி பதிவுசெய்து அனுப்பியிருந்தால், அதற்கு ஏழு நாள் போதாது என்றாலும் நான் மறுபடி பணம் கட்டியிருப்பேன். பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். "நோ எக்." "டூ வீக்ஸ்." கேள்வி புரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பாடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். "டூ யூ வான்ட் எ கேரி பேக்?" சமவெளியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. கடையில் நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பது பாட்டில் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும்தான். அதற்கான வாக்கியத்தை நானே கட்டிக்கொண்டேன்: "நோ பிளாஸ்டிக் பாட்டில் இன் நீல்கிரிஸ். வாட்டர் ஏடிஎம், தேர்." கையை நீட்டிக் காட்டினால் போய்விடுகிறார்கள். இலக்கணம் எப்படியோ, ஒருவரும் இதுவரை திரும்பி வந்து விளக்கம் கேட்கவில்லை.

இப்போது தங்கைக்குப் பதில். கட்டணம் பாதி ஆனாலும் நீ சேர வேண்டாம். பஸ் ஹாரனுக்கு "மிக நன்று" சொல்கிறவர்களுக்கு நம் குடும்பத்திலிருந்து இன்னொருவர் பணம் கட்ட வேண்டியதில்லை. உன் வர்க்கிப் பொட்டலத்துக்கு நீ வைத்திருக்கிற விலை அறுபது ரூபாய், அது பதினாறு என்று காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வா, இரண்டாம் நாள் பாடத்தை நானே சொல்லித்தருகிறேன். கேட்ட பிறகும் சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால் மே மாதத்தில் மட்டும் சேராதே. மழை தொடங்கி, கடையில் ஈ ஓட்டுகிற நாளாகப் பார்த்துச் சேர்ந்துகொள்.