ஜன்னலைத் திறந்து தூங்குவதா, சாத்திவிட்டா?

பத்துக்குப் பத்து அறை. எல்லாவற்றையும் சாத்தி ஏசி போட்டு இருவர் தூங்குகிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையேதான் குளிரவைத்துச் சுற்றவிடும். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு இருக்கும் அது, இடுக்கில்லாத அந்த அறையில் இரண்டே மணி நேரத்தில் 2000ஐத் தாண்டிவிடும். காலையில் வாசல்வரை போய்விட்டு அறைக்குத் திரும்பும்போது குப்பென்று ஒரு வாடை அடித்தால், இரவெல்லாம் அந்தப் பழைய காற்றைத்தான் சுவாசித்தோம் என்று அர்த்தம்.

ஜன்னல் திறந்திருந்தால்? டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். நல்ல காற்று வந்த இரவுகளுக்கு மறுநாள், பகலில் தூக்கக் கலக்கமும் குறைந்தது, யோசிக்க வைக்கும் தேர்வையும் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அங்கே நம்மூர்க் கொசுவும் லாரி ஹாரனும் கிடையாது. சத்தமும் தூக்கத்தைக் கெடுக்கும்.

அதனால் வலை அடித்த ஜன்னல், அமைதியான தெரு என்றால் நான் திறந்தே வைப்பேன். ஏசி ஓடினாலும் இரண்டு விரல் இடைவெளி விடலாம், கரண்ட் பில் கொஞ்சம் கூடும். மெயின்ரோட்டு வீடா? சரி, ஜன்னலைச் சாத்திவிட்டு, ஹால் பக்கக் கதவையாவது திறந்து வையுங்கள்.