உப்புக் கிணறுகளும் லாசோவின் தெரிவும்: மூன்று முறைகளை நெடுநாள் பயன்படுத்தியபின்

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு சின்ன வெங்காயத்தின் விளைச்சலை முன்கணிக்கும் வேலையை நண்பர் ஒருவர் அண்மையில் தொடங்கியிருக்கிறார். சாதாரண இழிவு வர்க்க முறை போதாதா, போதாவிட்டால் ரிட்ஜா லாசோவா என்று அவர் கேட்டார். இதே வகைத் தரவோடு நான் நெடுநாளாக இம்மூன்றையும் பயன்படுத்தி வருவதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். 1970 இல் ஹோர்ல், கெனார்ட் இருவரும் முன்வைத்த ரிட்ஜ், குணகங்களின் வர்க்கக் கூட்டுத்தொகைக்குத் தண்டம் விதிக்கிறது என்பதும், 1996 இல் டிப்ஷிரானி முன்வைத்த லாசோ அவற்றின் தனிப்பெறுமானங்களின் கூட்டுத்தொகைக்குத் தண்டம் விதிக்கிறது என்பதும் தெரிந்தவையே. எனவே அவற்றை விளக்காமல், என்னைத் தொடர்ந்து உறுத்திவரும் ஒரு விடயத்துக்கே வருகிறேன்.

நீர்த் தரவின் இயல்பு முதலிற் கவனிக்கத்தக்கது. கையடக்க மானிகளிற் பெரும்பாலானவை மொத்தக் கரைதிண்மத்தைத் தனியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை ஒரு மாறிலியாற் பெருக்கிக் காட்டுகின்றன. மொத்த வன்மையும் பெரும்பாலும் கல்சியம், மகனீசியம் ஆகிய இரண்டின் கூட்டே. எனவே அட்டவணையில் இருபது நிரல்கள் இருந்தாலும் அவற்றிலுள்ள தகவல் அதைவிட மிகக் குறைவு. ஒரு நிரல் மற்றொன்றின் சரியான மடங்காக இருந்தால் R மொழியின் `lm` அதன் குணகத்தை `NA` என்று காட்டி நம்மை எச்சரிக்கும். மானி எண்களை முழுமைப்படுத்தும்போது சிறு வேறுபாடு தோன்றிவிட்டாலோ அந்த எச்சரிக்கையும் வராது. ஒன்றுக்கு மிகப் பெரிய நேர்க் குணகமும் மற்றதற்கு அதே அளவான மறைக் குணகமும் வந்து நிற்கும்.

இதை இரண்டு மாறிகளோடு மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். குளோரைட்டு, மின்கடத்துதிறன் ஆகிய இரண்டையும் சராசரி பூச்சியமும் நியம விலகல் ஒன்றும் ஆகுமாறு மாற்றிக்கொண்டோம் என்றும், அவற்றுக்கிடையிலான இணைபு 0.98 என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது இழிவு வர்க்கக் குணகங்களின் மாறற்றிறன், இணைபு இல்லாத நிலையிலிருந்து 1/(1 − 0.98²) மடங்காக, அதாவது ஏறத்தாழ 25 மடங்காகப் பெருகுகிறது; நியம வழு ஐந்து மடங்காகிறது. அந்த முறை குளோரைட்டுக்கு −5 என்றும் மின்கடத்துதிறனுக்கு +3 என்றும் குணகம் தந்தால் வியப்பதற்கில்லை. வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர்; மண்ணின் நிரம்பற் சாற்றில் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைக் கடந்தாலே அதன் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது வழமையாகக் கொள்ளப்படும் எல்லை. அப்படியிருக்க, உப்புக் கூடினால் விளைச்சல் கூடும் என்று சொல்லும் +3 ஐ எந்தத் தோட்டக்காரரிடமும் காட்ட முடியாது.

இவ்விடத்தில் ரிட்ஜ் செய்வது அழகானது. இரு மாறிகளும் சேர்ந்து நகரும் திசையைப் பற்றித் தரவு நிறையச் சொல்கிறது. அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகும் திசையைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. தண்டத்தின் அளவு 0.1 ஆயின், ரிட்ஜ் குணகங்களின் கூட்டுத்தொகையை 1.98/2.08 ஆல் பெருக்குகிறது, அதாவது ஐந்து வீதமே குறைக்கிறது, வித்தியாசத்தையோ 0.02/0.12 ஆல், அதாவது ஆறிலொன்றாகச் சுருக்குகிறது. −5, +3 என்பவை −1.62, −0.29 ஆகின்றன. தரவு அறிந்ததை விட்டுவைத்து, அறியாததை மட்டும் அடக்கும் இந்தப் பண்புக்காகவே நான் ரிட்ஜை மதிக்கிறேன்.

லாசோவுக்கும் அதே எண்ணைத் தண்டமாகக் கொடுத்தால் (இரண்டின் தண்டங்களும் ஒரே அளவுகோலில் இல்லை என்பது வேறு விடயம்) குளோரைட்டுக்கு −1.96 உம் மின்கடத்துதிறனுக்குப் பூச்சியமும் கிடைக்கின்றன. பட்டியல் சுருங்கிவிட்டது, பார்க்க நன்றாகவும் இருக்கிறது. இனிச் சில கிணறுகளை நீக்கிவிட்டுத் திரும்பக் கணிக்கிறோம் என்றும், இழிவு வர்க்க விடை இம்முறை +2, −4 என்று வந்தது என்றும் கொள்வோம். இப்போது ரிட்ஜ் −0.45, −1.45 என்கிறது. லாசோவோ குளோரைட்டைப் பூச்சியமாக்கி, மின்கடத்துதிறனுக்கு −1.94 தருகிறது. நேற்று முக்கியம் என்று எழுதிய மாறி இன்று பட்டியலிலேயே இல்லை. என் உறுத்தல் இதுதான். லாசோ தன் கணக்கைச் சரியாகவே செய்கிறது. இரட்டையரில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை விடுவது அதன் தண்டத்தின் இயல்பு. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்ப்பவர், விடுபட்ட மாறிக்கு விளைச்சலோடு தொடர்பில்லை என்று வாசித்துவிடுகிறார். குளோரைட்டு முக்கியமல்ல என்று முடிவெழுதிய அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

முன்கணிப்பு ஒன்றுதானே, பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். இரு மாறிகளும் ஒரு நியம விலகல் சேர்ந்தே உயர்ந்தால் மூன்று முறைகளும் −1.9 இலிருந்து −2 வரையான விடையையே தருகின்றன என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடலேரியை அண்டிய கிணறுகளில் மின்கடத்துதிறன் குளோரைட்டால் உயர்கிறது. உரும்பிராய் போன்ற உட்பகுதிகளில் கல்சியமும் இருகாபனேற்றும் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்றுங்கூட அதை உயர்த்தலாம். குளோரைட்டு சராசரியாகவும் மின்கடத்துதிறன் ஒரு நியம விலகல் உயர்ந்தும் உள்ள ஒரு கிணற்றுக்கு முதலாவது லாசோ விளைச்சல் மாறாது என்கிறது. இரண்டாவது லாசோ 1.94 அலகு குறையும் என்கிறது. ரிட்ஜும் −0.29 இலிருந்து −1.45 க்கு அசைகிறதுதான், ஆனால் அசைவு சிறியது. இழிவு வர்க்க முறையோ +3 இலிருந்து −4 க்குத் தாவுகிறது. கடலோரக் கிணறுகளில் மட்டும் பழக்கிய மாதிரியை உட்பகுதிக்குக் கொண்டுபோகும்போது இந்த வேறுபாடு முழுமையாக வெளிப்படும்.

உங்கள் தரவில் லாசோ தடுமாறுகிறதா என்பதை அறியக் கீழுள்ள சில வரிகள் போதும். தண்டத்தை ஒருமுறை தீர்மானித்துவிட்டு, கிணறுகளில் எண்பது வீதத்தை எழுந்தமானமாக எடுத்து எடுத்துக் கணித்து, ஒவ்வொரு மாறியும் எத்தனை பங்கு தடவை தெரிவாகிறது என்று பாருங்கள்.

```
library(glmnet)
lam <- cv.glmnet(X, y, alpha = 1)$lambda.1se
picked <- replicate(200, {
  i <- sample(nrow(X), floor(0.8 * nrow(X)))
  coef(glmnet(X[i, ], y[i], alpha = 1), s = lam)[-1, 1] != 0
})
rowMeans(picked)
```

இணைபு மிகுந்த இரு மாறிகள் ஏறத்தாழ 0.5, 0.5 என்று பங்கிட்டுக்கொண்டால் அவற்றில் ஒன்றை முக்கியம் என்றும் மற்றதை அல்ல என்றும் எழுத உங்களுக்கு உரிமையில்லை. `cv.glmnet` தரவை எழுந்தமானமாகப் பிரிப்பதால், `set.seed` இன் எண்ணை மாற்றினாலே தண்டமும் அதனோடு பட்டியலும் மாறக்கூடும் என்பதையும் கவனியுங்கள். அளவுகோலைச் சமப்படுத்தும் வேலையை `glmnet` தானே செய்துகொள்கிறது. வேறு மென்பொருளாயின் அதை நீங்கள் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் வரும் மின்கடத்துதிறன் ஏறக்குறையத் தண்டமின்றித் தப்பிக்கும்.

லாசோவுக்கு நியாயமும் சொல்லவேண்டும். ரிட்ஜ் எந்த மாறியையும் கைவிடாது. அதை நம்பினால் அடுத்த போகத்திலும் இருபது பரிசோதனைகளுக்கும் ஆய்வுகூடத்தில் பணம் கட்டவேண்டும். லாசோவின் பட்டியலோ நான்கைந்து அளவீடுகளோடு நின்றுவிடும். 2005 இல் சூ, ஹேஸ்ட்டி இருவரும் முன்வைத்த இலாஸ்டிக் நெட் இரண்டுக்கும் இடைப்பட்டது. `alpha = 0.5` என்று வைத்தால் இரட்டையர் பெரும்பாலும் சேர்ந்தே உள்ளே வருகிறார்கள்.

என் தரவில், விலக்கிவைத்த கிணறுகள் மீதான முன்கணிப்பு வழு லாசோவில்தான் சற்றுக் குறைவாக வந்தது. ஆயினும் நண்பருக்கு நான் சொல்லும் விடை ரிட்ஜ். அவருடைய அறிக்கையைப் படிக்கப்போகிறவர்கள் குணகங்களைப் பார்த்துக் கிணற்றையும் பசளையையும் பற்றி முடிவெடுப்பவர்கள். அடுத்த பருவத்தில் கைமாறிவிடும் ஒரு பெயரை அவர்களிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. பரிசோதனைச் செலவைக் குறைத்தே ஆகவேண்டுமாயின் லாசோவை எடுக்கட்டும், ஆனால் மேலுள்ள தெரிவு விகிதங்களையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.