பள்ளிக்கு வெளிக்கிடும் நேரத்து வயிற்றுவலி: எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பரிசோதனை வேண்டும்

பள்ளிக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்துப் பிள்ளைக்கு வயிறு வலித்தால், மட்டக்களப்பு வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, 'பள்ளிக்குக் கள்ளம் அடிக்குது'. மற்றது, 'எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பம்'. முதலாவது பெரும்பாலும் பிழை, ஏனென்றால் அந்த வலி மெய்யானது. இரண்டாவதும் பெரும்பாலும் தேவையில்லாதது. ஆனால் சில பிள்ளைகளுக்கு ஸ்கேனையும் தாண்டிப் போகவேண்டி வரும். அந்தச் சிலரை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

காலையில் ஒரே நேரத்தில் வலி வருகிற இரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்ப்போம். இருவருமே விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவர்கள்.

முதலாவது, களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் தரம் 4 படிக்கும் 9 வயதுப் பெண்பிள்ளை. வாரத்தில் மூன்று நான்கு காலைகளில் வலி. எங்கே என்று கேட்டால் உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டுவாள். அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சனி, ஞாயிறு வலி இல்லை. இரவில் நன்றாகத் தூங்குகிறாள். போன வருடத்தைவிட எடை 2 கிலோ கூடி, உயரம் 5 சென்டிமீற்றர் வளர்ந்திருக்கிறாள்.

இரண்டாவது, அக்கரைப்பற்றில் தரம் 7 படிக்கும் 12 வயதுப் பையன். உம்மா சொல்வதும் அதே கதைதான்: 'பள்ளிக்குப் போற நேரம் வயிறு குத்துதாம்.' ஆனால் அவனிடம் கேட்டால் ஒற்றை விரலால் வலப்பக்க அடிவயிற்றைத் தொடுகிறான். பள்ளி விடுமுறையிலும் வலி நிற்கவில்லை. இரவில் எழும்பி மலம் கழிக்கப் போகிறான். பள்ளிக் கழிசான் இடுப்பில் நிற்காததால் பின் குத்தியிருக்கிறது. வருடத் தொடக்கத்தில் 29 கிலோ இருந்தவன் பத்து மாதம் கழித்து 28.

வலி எவ்வளவு கடுமை, பிள்ளை எவ்வளவு அழுகிறது என்பதை வைத்து இந்த இருவரையும் பிரிக்க முடியாது. பெண்பிள்ளை கூடுதலாக அழலாம். காலை நேரம் என்பதும் உதவாது. பையனின் வலியும் காலையில் வருவதால்தான் 'பள்ளிப் பயம்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டது. வலியோடு சேர்ந்து வேறென்ன நடக்கிறது என்பதுதான் பிரித்துக் காட்டும். எடை கூடுகிறதா, தூக்கத்தைக் கலைக்கிறதா, தொப்புளை விட்டு விலகி ஒரே இடத்தில் நிற்கிறதா, மலத்தில் இரத்தம் போகிறதா, காரணம் தெரியாமல் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா, வாய்ப்புண் ஆறாமல் இருக்கிறதா, மூட்டு வீங்குகிறதா? வாந்தி ஓயாமல் வந்தாலோ, விழுங்கும்போது நோவு இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல் அழற்சி நோய் இருந்தாலோ அதுவும் கணக்கில் சேரும்.

பெண்பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்று அனுப்பிவிடவும் கூடாது. அவளிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்பது. வாரத்தில் இரண்டு தரம், அதுவும் இறுகி. பள்ளி மலசலகூடம் நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை என்று அடக்கிக்கொள்கிறாள். வைத்தியர் இடப்பக்க அடிவயிற்றை அமர்த்தினால் இறுகிய மலம் கையில் தட்டுப்படும். சாப்பாடு இரைப்பைக்குள் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் நடப்பது. ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் குடல் அப்படி அசைந்தால் முறுக்கிப் பிடிக்கும். இடியப்பமும் சொதியும் தின்று பத்து நிமிடத்தில், வான் ஹோன் அடிக்கும் நேரத்தில் வலி வருவதற்கு இதுவே காரணமாகலாம். சனிக்கிழமை அவசரமில்லாமல் வீட்டில் போய்வருகிறாள், அதனால் வலியும் இல்லை. பயம் எதையும் சேர்க்காமலே இந்தக் கணக்கு சரிவரும்.

பயத்துக்கும் பங்கு உண்டு. குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. மூளையோடு அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். புலமைப்பரிசில் வகுப்பு, அடிக்கிற ஆசிரியர், சீண்டுகிற சகமாணவர் என்று மனதில் நெருக்கடி இருந்தால், சாதாரண வாயு அசைவைக்கூட அந்த நரம்புகள் வலியாக உணரும். பிள்ளை நடிப்பதில்லை. இதைத்தான் செயற்பாட்டு வயிற்றுவலி என்கிறோம். குடலில் புண்ணோ அடைப்போ கிடையாது, அது இயங்குகிற விதத்திலும் உணர்கிற விதத்திலும்தான் கோளாறு.

அவளுக்கு எடை, உயரம், நல்ல உடற்பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பெரும்பாலும் போதும். ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் நிணநீர்க் கட்டிகள் சில தெரியலாம். சுகமான பிள்ளைகளிலும் தெரிகிறவைதான் அவை. ஆனால் 'கட்டி' என்ற ஒரு சொல் வீட்டுக்குள் வந்துவிட்டால் அம்மம்மா முதல் அயல்வீடு வரை பயம் பரவும், வலியும் கூடும். பூச்சி மருந்தைக் குறித்த காலத்தில் கொடுப்பது சரி. ஒவ்வொரு வலிக்கும் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை.

வைத்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் அரை மணி முன்னதாக எழுப்பி, சாப்பிட்டபின் ஐந்து பத்து நிமிடம் மலசலகூடத்தில் இருத்துங்கள். கொமட் என்றால் கால் தொங்காமல் ஒரு சிறு பலகை வையுங்கள். மலத்தை இளக்கும் மருந்தை வைத்தியர் எடைக்கேற்பச் சொல்வார். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வரக் குறைந்தது 2 மாதம் வேண்டும். வகுப்பாசிரியரிடம் சொல்லி, கேட்டவுடன் வெளியே போக அனுமதி வாங்குங்கள். வலித்தாலும் பள்ளிக்கு அனுப்புங்கள். பிந்திப் போனாலும் பரவாயில்லை. வீட்டில் நின்றால் தொலைக்காட்சியும் போனும் கிடைக்கும் என்றாகிவிட்டால் அடுத்த காலை இன்னும் கடினமாகும்.

பையனின் பாதை வேறு. முதலில் இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, அதோடு அல்புமின். ஹீமோகுளோபின் 9 ஆகக் குறைந்து, அழற்சி அளவுகள் உயர்வு என்று வந்தால் குடல் அழற்சி நோய் என்ற சந்தேகம் வலுக்கும். குடல் அழற்சியைக் காட்டும் கல்ப்ரொடெக்டின் மலப் பரிசோதனையும் இங்கேதான் பயன்படும். ஆசனவாயையும் பார்க்க வேண்டும். அங்கே வெடிப்பு, சீழ், தோல் தடிப்பு இருந்தால், குடல் அழற்சி நோய்களில் ஒன்றான குரோன் நோயின் அடையாளமாக இருக்கலாம். கூச்சத்தில் பிள்ளை தானாகச் சொல்லமாட்டான். அதன்பின் சிறுவர் நிபுணர் வழியாகக் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் திசு ஆய்வும். நம் நாட்டில் இன்னொரு படியும் உண்டு. குடலில் வரும் காசநோய் அதே வலப்பக்க மூலையில் அதே கோலத்தில் வரும். அதை விலக்காமல் குரோனுக்கான ஸ்டீரொய்ட் மருந்தைத் தொடங்கினால் காசநோய் பரவிவிடலாம். இந்தப் பிள்ளைக்குப் 'பொறுத்துப் பார்ப்பம்' என்றால் போவது வளர்ச்சிக் காலம். வளரும் வயது கடந்தபின் இழந்த உயரத்தை ஈடுசெய்வது கடினம்.

இருவரிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. திடீரென்று தொடங்கி விடாமல் வலித்தால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வயிறு கல்லாக இறுகினால், நடக்கும்போது குனிந்து பிடித்துக்கொண்டால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆண்பிள்ளை என்றால் விதைப்பை நோகிறதா, வீங்கியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். விதை முறுக்கிக்கொண்டாலும் பிள்ளைகள் வயிற்றுவலி என்றுதான் சொல்வார்கள். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றலாம்.

எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வலித்த நேரம், இடம், அதற்கு முன் சாப்பிட்டது, மலம் போன நாள், பள்ளி நாளா விடுமுறையா, இரவில் எழும்பியதா. மாப்பால் தேத்தண்ணி குடித்து ஒரு மணிக்குள் வயிறு ஊதி இளகிப் போவதாகத் தெரிந்தால், இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோடு, எடை உயரம் பதிந்த பழைய புத்தகத்தையும் கொண்டுபோங்கள். செயற்பாட்டு வலி என்று முடிவான பிள்ளையையும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். எடைக்கோடு படுத்திருந்தால், களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கும் அக்கரைப்பற்றுப் பையனுக்குச் செய்த அதே பரிசோதனைகளைத் தொடங்க வேண்டியதுதான்.