தோன்றிய மெட்டை எதில் பிடிப்பது: போன் ரெக்கார்டரா, வாட்ஸ்அப்பா, நோட்டுப் புத்தகமா?

போன வாரம் பஸ்ஸில் வரும்போது மோகனத்தில் ஒரு மெட்டு தோன்றியது. பல்லவி 'க ப க ரி' என்று ரிஷபத்தில் வந்து நிற்கும். போனை எடுத்து, ரெக்கார்டரில் பத்து விநாடி முனகி வைத்தேன். மறுநாள் காலை போட்டுக் கேட்டால் அது மத்யமாவதி! ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஆனால் ஸட்ஜம் எதுவென்று பதிவில் இல்லாததால், காது நின்ற இடத்தையே ஸட்ஜமாக எடுத்துக்கொண்டது. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதிதான் வரும். 'க ப க ரி' அங்கே 'ரி ம ரி ஸ' ஆகிவிடும்.

நோட்டில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஸட்ஜமும் தாளமும் எழுத்திலேயே நிற்கும். ஆனால் எழுத்தில் கமகம் நிற்காது. அந்தக் காந்தாரத்தை எவ்வளவு நீட்டினேன், பஞ்சமத்துக்கு எப்படி வழுக்கிப் போனேன் என்பதுதானே மெட்டின் உயிர்? அதுவும் போக, ஸ்வரம் தேடிக்கொண்டிருக்கும்போதே கை பழகிய பிடி ஒன்று நடுவில் புகுந்து, அசல் கலைந்துவிடுகிறது. எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், பாடலாசிரியருக்கு உடனே அனுப்பச் சுலபம். சேமித்து வைக்க அதை நம்பமாட்டேன். பேச்சுக்காக ஒலியை நன்றாகச் சுருக்கிவிடுவதால் மெல்லிய முனகலின் நெளிவு மங்கிப்போகும். ஒரு மாதம் கழித்துத் தேடினால் நூறு மெசேஜுக்கு நடுவில் கிடக்கும்.

ஆக, என் ஓட்டு ரெக்கார்டருக்குத்தான். அதன் குறையைப் பதிவுக்குள்ளேயே சரிசெய்துவிடலாம். முதலில் 'ஸ ப ஸ' என்று நிதானமாகப் பாடிவிடுங்கள். தம்புரா ஆப்பை அதே போனில் ஓடவிடலாமே என்று தோன்றும். பல போன்களில் ரெக்கார்டிங் தொடங்கியதும் அது நின்றுவிடும். சொந்தக் குரலே போதும்.

அடுத்து, தொடையில் நாலு தட்டு தட்டிவிட்டு மெட்டைத் தொடங்குங்கள். மெட்டு ஓடும்போதும் தட்டு நிற்கக் கூடாது. இது எடுப்புக்காக. சமத்திலிருந்து அரை இடம் தள்ளித் தொடங்கும் பல்லவியைத் தாளமில்லாமல் முனகினால், மறுநாள் காது முதல் ஸ்வரத்தையே சமமாக்கிவிடும். அழுத்தம் விழும் இடமெல்லாம் நகர்ந்து, மெட்டு தட்டையாகக் கேட்கும். 'ராத்திரி நன்றாக இருந்ததே' என்று நாம் கைவிடும் மெட்டுகளில் பல இப்படிப் போனவைதான்.

கடைசியில், நிறுத்துவதற்கு முன்னால், 'மோகனம், ஆதி, அரை இடம்' என்று வாயால் சொல்லிவிடுங்கள். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து விநாடிதான் கூடும். மெட்டு அதற்குள் நழுவிவிடும் போலிருந்தால் முதலில் மெட்டைப் பாடிவிட்டு, அதே பதிவில் 'ஸ ப ஸ'வைக் கடைசியில் சேருங்கள். நோட்டை மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.